முதலிடம் யாருக்கு, எதனால்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புறநகரில் 48 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பிளம்பர், எலக்ட்ரீஷியன், டியூஷன் ஆசிரியர் ஆகியோரின் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்துத் தரும் இணையதளங்களைப் பற்றியது இது.

சென்ற ஆண்டு எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று சுவருக்குள்ளேயே கசியத் தொடங்கியது. வழக்கமாக வரும் பிளம்பர் ஊருக்குப் போயிருந்ததால், அப்படிப்பட்ட ஒரு தளத்தில் தேடி, 4.8 ஸ்டாருடன் முதலில் நின்றவரை அழைத்தோம். வந்தவர் இரண்டு குளியலறைகளில் டைல்ஸை உடைத்துப் பார்த்துவிட்டு, கசிவைக் கண்டுபிடிக்காமலேயே 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்து எங்கள் பழைய பிளம்பர் வந்து, ஒவ்வொரு இறங்கு குழாயின் வால்வையும் தனித்தனியே மூடிவைத்து எந்தக் குழாயை மூடும்போது சுவரின் ஈரம் நிற்கிறது என்று பார்த்து, ஒரு டைல்கூட உடைக்காமல் இணைப்பு விட்டிருந்த இடத்தைக் காட்டினார். அந்தத் தொழிலறிவு எதுவும் இல்லாத ஒருவர் பட்டியலின் உச்சிக்கு எப்படி வந்தார் என்று அறிய, சங்கத்தில் மூவர் உட்கார்ந்து அந்தத் தளத்தைச் சில வாரங்கள் கூர்ந்து பார்த்தோம்.

முதலில் இடத்தை மாற்றித் தேடினோம். எங்கள் பகுதிக்குத் தேடியபோது முதலில் வந்த அதே நிறுவனம், அம்பத்தூருக்குத் தேடியபோதும் திருவான்மியூருக்குத் தேடியபோதும் முதலில் வந்தது. ஒவ்வொரு முறையும் அந்தந்தப் பகுதியின் முகவரி ஒன்று அதன் கீழே இருந்தது. நகரின் மூன்று மூலைகளிலும் ஒருவரே மிக அருகில் இருக்க முடியாது. வரிசையைத் தூரப்படி மாற்றியதும் அந்தப் பெயர் முதல் பக்கத்திலிருந்தே மறைந்துவிட்டது. ஆகவே, தளம் தானாகக் காட்டிய வரிசை தூரத்தால் அமைந்ததில்லை என்பது தெளிவாயிற்று. ஸ்டார்படி மாற்றியபோதும் அது கீழே போனதால், மதிப்பீட்டாலும் அமைந்ததில்லை. மீதமிருக்கும் காரணம் எது என்று அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

அதை எங்கள் பழைய பிளம்பரே சொன்னார். அவரும் ஒரு காலத்தில் மாதக் கட்டணம் கட்டி அப்படியொரு தளத்தில் இருந்தவர். பக்கத்தில் தெரியும் எண் அவருடையதன்று. தளம் தரும் எண்ணுக்கு வரும் அழைப்பு அவருடைய கைப்பேசிக்குத் திருப்பிவிடப்படும். அழைப்பு கணக்கில் ஏறும். வாடிக்கையாளர் தம் எண்ணைப் பதிவு செய்தால், அது ஒரே நேரத்தில் கட்டணம் கட்டிய நான்கைந்து பேருக்குப் போகும். நாம் தேடிய சில நிமிடங்களில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர்பின் ஒருவராக அழைப்பதற்குக் காரணம் இதுதான். கட்டணத்தை நிறுத்திய பிறகு அவருடைய பெயர் அழிக்கப்படவில்லை. யாரும் போய்ப் பார்க்காத பக்கங்களுக்குப் பின்னால் தள்ளப்பட்டது. இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒரு தொழிலாளியை இந்த வரிசை எங்கே வைக்கிறது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

விளம்பரம் செய்வது குற்றம் என்று நான் சொல்லவில்லை. விலைக்கு வாங்கிய இடம், தகுதியால் கிடைத்த இடத்தின் தோற்றத்தில் நிற்பதுதான் என் முறையீடு.

விமர்சனங்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. என் தங்கை மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கு டியூஷன் தேடியபோது, ஒரு டியூஷன் மையத்தின் பக்கத்தில் இருந்த விமர்சனங்களை நாளோடு சேர்த்துத் தாளில் எழுதிப் பார்த்தோம். பெரும்பாலானவை ஒரே வாரத்தில் வந்திருந்தன. அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. எழுதியவர்களில் சிலர் அதே நாளில் இந்தூரில் பல் மருத்துவரையும் ஜெய்ப்பூரில் வீடு மாற்றும் நிறுவனத்தையும் பாராட்டியிருந்தார்கள். எந்தப் பாடம், எந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை நாள், ஆசிரியர் வீட்டுக்கு வந்தாரா என்ற விவரம் ஒன்றில்கூட இல்லை. உண்மையில் பணம் கொடுத்த பெற்றோர் எழுதும்போது, "வகையீடு நன்றாக நடத்தினார், ஆனால் டிசம்பரில் இரண்டு வாரம் வரவில்லை" என்பதுபோல ஏதாவது ஒரு குறிப்பிட்ட செய்தி தானாகவே வந்து விழும். குறையும் நிறையும் கலந்த மூன்று ஸ்டார் விமர்சனங்களே இல்லாமல், ஐந்தும் ஒன்றும் மட்டுமே நிறைந்த பக்கத்தை நாங்கள் இப்போது நம்புவதில்லை.

இந்த அடையாளங்கள் எதுவும் முழு நிரூபணம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். நேர்மையான ஆசிரியர் ஒருவரே தேர்வு முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் எல்லோரையும் எழுதச் சொல்லியிருக்கலாம். அப்போதும் நாட்கள் ஒன்றாகக் குவியும். வெளியிலிருந்து பார்க்கும் நுகர்வோரால் இந்த இரண்டையும் பிரித்தறிய இயலாது. பிரித்தறியும் தரவு தளத்திடம் மட்டுமே இருக்கிறது.

பொருள் விற்கும் தளங்களில் விற்பனைப் பதிவு இருப்பதால், வாங்கியவர்தான் எழுதினாரா என்று சரிபார்க்க முடிகிறது. பிளம்பருக்கு நாம் வீட்டு வாசலில் பணம் கொடுக்கிறோம்; தளத்துக்கு அது தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட IS 19000 என்ற தரம், விமர்சனம் எழுதுபவரை மின்னஞ்சல், தொலைபேசி எண் போன்றவற்றால் உறுதிசெய்யச் சொல்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் அது விருப்பத்தின்பேரில் பின்பற்றும் தரம். மேலும், ஒருவரிடம் தொலைபேசி எண் இருக்கிறது என்று உறுதிசெய்வது, அவர் வீட்டில் குழாய் சரிசெய்யப்பட்டது என்று உறுதிசெய்வது ஆகாது. அதே நேரத்தில், அழைப்புகளைத் தன் எண் வழியாகவே திருப்பிவிடும் தளத்துக்கு, இந்த எண்ணிலிருந்து இந்தத் தொழிலாளிக்கு எந்த நாளில் அழைப்பு போயிற்று, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது தெரியும். கட்டணம் வசூலிக்கப் பயன்படும் அந்தப் பதிவை விமர்சனத்தைச் சரிபார்க்கவும் பயன்படுத்தச் சொல்வதில் தடை என்ன இருக்க முடியும்?

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் ஐந்தாம் விதி, விற்பனையாளர்களை வரிசைப்படுத்தும் முக்கியக் காரணிகளை எளிய மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. ஆறாம் விதி, விற்பனையாளர் நுகர்வோர்போல் நடித்து விமர்சனம் எழுதுவதைத் தடுக்கிறது. 2023 நவம்பரில் தங்கள் ஆணையம் வெளியிட்ட, நுகர்வோரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளான இருண்ட உத்திகள் பற்றிய வழிகாட்டு நெறிகள், மறைமுக விளம்பரத்தைத் தடைசெய்யப்பட்ட 13 உத்திகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. ஆனால் சேவைப் பட்டியல் தளங்கள், தாம் வெறும் தகவல் தொகுப்பாளர்கள் என்றும், கொடுக்கல் வாங்கல் தம் வழியாக நடப்பதில்லை என்றும், ஆகவே இவ்விதிகள் தமக்குப் பொருந்தா என்றும் வாதிட இடமிருக்கிறது.

எனவே, அழைப்பைத் திருப்பிவிட்டோ நுகர்வோரின் எண்ணைப் பகிர்ந்தோ பணம் பெறும் தளம், மின்வணிக விதிகள் கூறும் சந்தைத் தளமே என்று ஆணையம் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். கட்டணம் பெற்று மேலே வைத்த ஒவ்வொரு பெயரின் மீதும், பெயரின் அளவு எழுத்திலேயே, தமிழில் பார்ப்பவருக்குத் தமிழில், "கட்டண விளம்பரம்" என்று எழுதச் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு விதிமுறை இணைப்புக்குள் புதைத்து வைப்பதை ஏற்கக் கூடாது. தளத்தின் வழியாக அந்தத் தொழிலாளியை அழைத்த எண்ணிலிருந்து வந்த விமர்சனங்களைத் தனியே குறித்து, அவற்றின் சராசரியை மற்ற விமர்சனங்களின் சராசரியோடு கலக்காமல் காட்டச் சொல்ல வேண்டும். வேறு வழியில் தொழிலாளியை அறிந்தவர்கள் தொடர்ந்து எழுதலாம். எது எந்த வகை என்று படிப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

நாங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் நாள்வாரிக் குறிப்புகளையும் தளத்தின் பெயரோடு 1915 உதவி எண் வழியாகப் புகாராகத் தனியே பதிவு செய்கிறோம். இம்மடலில் அந்தப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், ஒரு தளத்தைத் திருத்துவதோடு இது முடிந்துவிடக் கூடாது என்பதே.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர்,
சென்னை