காதுக்குப் பின்னால் 30 நிமிடம் போதாது: உங்கள் ஹேர் டை பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் 'மூலிகை மருதாணி' கறுப்பு ஹேர் டையை இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் முகம் வீங்கியது.

முதல் முறை ஞாயிற்றுக்கிழமை மாலை டை அடித்தேன். திங்கள் முழுக்க ஒன்றும் இல்லை. செவ்வாய் காலை கண் இமைகள் உப்பி, பாதிதான் திறந்தன. நெற்றியில் முடி தொடங்கும் ஓரம் சிவந்து அரித்தது. காது மடலில் நீர் கசிந்தது. தலையிலோ லேசான அரிப்பு மட்டும்தான். அதனால் எனக்கு டை மீது சந்தேகமே வரவில்லை. புதிதாக வாங்கிய கண்ணாடி ஃபிரேமைக் கழற்றி வைத்தேன், அப்புறம் சென்ட் அடிப்பதையும் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கியது. ஆறு வாரம் கழித்து மறுபடி டை அடித்தேன். இந்த முறை அன்று இரவே இமை வீங்கிவிட்டது.

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்தார். நிக்கல், வாசனைப் பொருட்கள், ஹேர் டைகளில் கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் பிபிடி எனப்படும் பாரா ஃபீனைலின் டயமீன் எல்லாவற்றையும் தனித்தனியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்தார். 96 மணி நேரத்தில் மறுபடி பார்த்தபோது பிபிடி வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்து, பொடிப் பொடியாகக் கொப்புளம் போட்டிருந்தது. மற்ற இடங்களில் ஒன்றுமில்லை. தலைத்தோல் தடிப்பானது, இமைத்தோல் மெல்லியது, அதனால்தான் தலையில் போட்டது முகத்தில் தெரிந்தது என்று விளக்கினார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துத் தேடினேன். முன்பக்கம் முழுக்க மருதாணி இலை. பிபிடியின் பெயர், உள்ளே மடித்து வைத்த தாளில், கடுகளவு எழுத்தில். வெறும் மருதாணி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், அரை மணியில் கறுப்பாக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் எண்ணில் பேசியபோது, "இயற்கைப் பொருள்தான், வேறு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும்" என்றார்கள்.

என்னை அதிகம் வருத்தியது அந்தத் தாளில் உள்ள இன்னொரு வரி: 'காதுக்குப் பின்னால் சிறிது தடவி 30 நிமிடம் பாருங்கள்.' இரண்டு முறையும் அப்படியே செய்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. இந்த ஒவ்வாமை வெளிப்பட ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நீங்கள் சொன்ன சோதனையில் தேறியதால்தான் தைரியமாகத் தலை முழுக்கப் பூசினேன்.

பணத்தைத் திருப்பித் தருவதோடு இதை முடித்துவிடாதீர்கள். அந்த 30 நிமிடத்தை 48 மணி நேரம் என்று மாற்றுங்கள். பிபிடி இருப்பதைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டையும் எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

தொகுப்பு எண் தெரியும் பெட்டியின் படம், இமை வீங்கிய அன்று எடுத்த படம், பேட்ச் டெஸ்ட் அறிக்கை மூன்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்