உன் மனைக்கு எந்த ஸ்டேஷன்?

அன்பு சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. இங்கே அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் போகவில்லை. சின்னவள் இந்த வருஷம் பத்தாவது, வீடே அவள் பரீட்சையைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சரி, உன் மனையில் போர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மோட்டார் ரூம் பூட்டை உடைத்திருக்கிறார்கள், கேபிளையும் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை. நீ கேட்டிருந்தாய், பேட்டை ஸ்டேஷனா சுத்தமல்லி ஸ்டேஷனா என்று. இந்தக் கேள்வியைப் புகார் எழுதுவதற்கு முன்னாலேயே கேட்டது ரொம்ப நல்லது, ஏனென்றால் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள்தான் என்றாலும் பேட்டை மாநகரக் காவல், கமிஷனருக்குக் கீழே வருவது. சுத்தமல்லி மாவட்டக் காவல், எஸ்.பி.க்குக் கீழே வருவது. கட்டுப்பாட்டு அறையும் தனித்தனி. காவல் துறை இணையதளத்திலும் திருநெல்வேலி மாநகரம் ஒரு பெயராகவும் திருநெல்வேலி மாவட்டம் இன்னொரு பெயராகவும்தான் இருக்கும், அதில் முதலிலேயே மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் நமக்கு வேண்டிய ஸ்டேஷன் பெயர் அந்தப் பட்டியலில் வரவே வராது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள். நீ கோயம்புத்தூரில் இருக்கிறாய் என்பதோ உன் ஆதாரில் என்ன முகவரி இருக்கிறது என்பதோ கணக்கில்லை. சம்பவம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த ஸ்டேஷன்தான். போனில் மேப்பைத் திறந்து எது கிட்டே இருக்கிறது என்று பார்ப்பதும் உதவாது, எல்லையைத் தூரத்தை வைத்துப் பிரிப்பதில்லை. அரசு உத்தரவில் எந்தெந்தப் பகுதி எந்த ஸ்டேஷனுக்கு என்று அறிவித்திருப்பார்கள், நம் பக்கம் ஊர்ப்புறத்தில் அது பெரும்பாலும் வருவாய் கிராமக் கணக்கில்தான் போகும். பின்கோடு தபால்காரருக்காக வந்தது. மாநகராட்சி வார்டு கவுன்சிலர் தேர்தலுக்காக வந்தது. இவை எதுவும் போலீஸ் எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதனால் நீ முதலில் எடுக்க வேண்டியது கிரயப் பத்திரம். கடைசியில் சொத்து விவரம் எழுதியிருக்கும் பக்கத்தில் கிராமத்தின் பெயரும் சர்வே நம்பரும் இருக்கும். பட்டாவிலும் அதே விவரம்தான். மனை விற்றவர் நோட்டீஸில் போட்ட நகர் பெயரை நம்பாதே. அந்த நகரே இரண்டு கிராமத்து நிலத்தைச் சேர்த்துப் போட்டதாக இருக்கலாம், அப்படியானால் முதல் தெரு ஒரு கிராமத்திலும் கடைசித் தெரு இன்னொரு கிராமத்திலும் விழும். இந்த கிராமம், இந்த சர்வே நம்பர் என்று சொல்லிக் கேட்டால் ஸ்டேஷனில் ரைட்டருக்கோ அந்தப் பக்கம் பீட் பார்க்கும் ஏட்டுக்கோ உடனே பிடிபடும். வெறுமனே "பேட்டை தாண்டி, பெட்ரோல் பங்க் பக்கம்" என்றால் யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல வராது.

இன்னொரு வழியிலும் சரிபார்த்தேன். உன் மனைக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வாத்தியார் குடியிருக்கிறார். அவர் மகனுக்கு சமீபத்தில்தான் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறார்கள். விசாரணைக்கு எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள் என்று கேட்டேன், சுத்தமல்லி என்றார். அதே தெருவில் முன்பு பைக் திருட்டுப் புகார் கொடுத்த ஒருவரிடம் எஃப்.ஐ.ஆர். நகலும் இருந்தது. அந்தப் படிவத்தில் ஐந்தாவது கலம் சம்பவ இடத்துக்கானது: ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம், பீட் எண் என்ன, முகவரி என்ன என்று இருக்கும். அதிலேயே, இடம் இந்த ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே இருந்தால் எந்த ஸ்டேஷன் என்று எழுதவும் ஒரு வரி உண்டு. அவருடைய நகலில் அந்த வரி காலியாக இருந்தது, மேலே சுத்தமல்லி என்று இருந்தது. ஒரே தெரு, ஒரே பக்கம், இரண்டு பேரிடமும் ஒரே பதில், அதனால் எனக்குச் சந்தேகம் இல்லை. ரோட்டின் எதிர்ப்பக்கமாக இருந்திருந்தால் இந்த அளவு உறுதியாகச் சொல்லமாட்டேன், சில இடத்தில் ரோடேதான் எல்லை. இருந்தாலும் உன் பத்திரத்தில் கிராமத்தின் பெயரை ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிடு.

எல்லை தெரியும் வரை புகாரைத் தள்ளிப்போட வேண்டும் என்று மட்டும் நினைக்காதே, இது தெரியாமல்தான் ரொம்பப் பேர் நாளைக் கடத்துகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவு இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பூஜ்ய எண்ணில் எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதைத்தான். ஆனால் விசாரிக்கப் போவது கடைசியில் எல்லைக்குரிய ஸ்டேஷன்தானே, தாள் போய்ச் சேருவதற்குள் பக்கத்துக் கடை கேமரா பதிவெல்லாம் அழிந்துவிடலாம். அதனால்தான் சரியான இடத்தை முதலிலேயே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் எந்த எல்லையும் யோசிக்கக்கூடாது, 100 அல்லது 112 அடித்தால் போதும், ஸ்டேஷனை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீ உடனே வர முடியாது என்றாய். மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம், அதே பிரிவில்தான் இருக்கிறது, ஆனால் மூன்று நாளுக்குள் நீ நேரில் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவுக்கு வரும். ஆக இணையத்தில் அனுப்புவதும் இங்கே வரும் பஸ் டிக்கெட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

புகாரில் இடத்தை இப்படி எழுது: கிராமம், சர்வே நம்பர், மனை எண், தெரு, பக்கத்து வீட்டுக் கதவு எண், மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம். மோட்டாரைக் கடைசியாகப் பார்த்த நாளையும் இல்லை என்று தெரிந்த நாளையும் தனித்தனியாகக் குறிப்பிடு. மோட்டார் வாங்கிய பில் இருந்தால் அதன் நகலையும் வை, அதில் சீரியல் நம்பர் இருக்கும். சி.எஸ்.ஆர். ரசீது தந்தால் வாங்கிக்கொள், ஆனால் அது புகார் வாங்கியதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். பதிந்தால் நகல் இலவசமாகவே தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கு, ஐந்தாவது கலத்தை அங்கேயே நின்று படித்துப் பார். ஒருவேளை பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நம் விஷயத்தில் அது மாவட்ட எஸ்.பி., கமிஷனர் இல்லை.

பத்திரத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. கிராமத்தின் பெயரை வைத்து நாளைக் காலை நான் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். கடைக்காரரிடம் கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று. நீ எந்த நாள் வருகிறாய் என்று சொன்னால் ஜங்ஷனுக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன், ராத்திரி நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
முருகன்