விடியலுக்கு மோகனம் வேண்டாம், பூபாளம் பாடு

அன்புள்ள தங்கைக்கு,

கோயில் உற்சவத்தில் உங்கள் குழு பாடவிருக்கும் பாடல்களின் பட்டியலைப் பார்த்தேன். பாடல்களில் எனக்குக் குறையே இல்லை. இராகங்களை மட்டும் பொழுது பார்த்து மாற்றிக்கொள்.

திருப்பள்ளியெழுச்சியை மோகனத்தில் வைத்திருக்கிறாய். அதைப் பூபாளத்தில் அமைத்துப் பார். இரண்டிலும் ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்கள்தாம். மோகனத்தின் சதுச்ருதி ரிஷபத்தையும் தைவதத்தையும் இறக்கிச் சுத்த சுரங்களாக்கினால், அந்தர காந்தாரத்தோடு சிலர் பாடும் பூபாளம் கிடைத்துவிடும். ரிஷபம் சட்ஜத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு பெரிய தாவல். இருட்டும் வெளிச்சமும் சேர்ந்த அந்த நேரத்தின் குணம் எனக்கு இந்தத் தாவலில்தான் கேட்கிறது.

குழுவாகப் பாடும்போது ரிஷபம் மெல்ல மேலேறி மோகனமாகிவிடும். தம்புராவை மீட்டிக்கொண்டு 'ச ரி ச' என்று மட்டும் நிறுத்திப் பாடச் சொல். ரிஷபம் சட்ஜத்தோடு சற்றே உரசினால் சரி. உரசாமல் இதமாக அமர்ந்தால் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள். சுரங்கள் குறைவு என்பதால், காலையில் இன்னும் திறக்காத தொண்டைக்கும் இது எளிது.

மாலையில் விளக்கேற்றும் வேளைக்குப் பூர்விகல்யாணியைச் சொல்வேன். விடியலில் கேட்ட அதே சுத்த ரிஷபம் அங்கும் இருக்கிறது. உடன் ம சுரத்தின் உயர்ந்த வடிவமான பிரதி மத்யமமும் சேர்கிறது. இரண்டு சந்தி வேளைகளுக்கும் சுத்த ரிஷபம், மாலையைப் பிரித்துக் காட்டப் பிரதி மத்யமம் என்பது இந்துஸ்தானியில் நன்றாக வேரூன்றிய வழக்கம். நம் கச்சேரிகளில் அவ்வளவு கண்டிப்பு கிடையாது. இதே இரண்டு சுரங்களும் வரும் பந்துவராளியில் பாடப்படும் சாதாரி என்ற தேவாரப் பண்ணை ஓதுவார்கள் பகற்பண்ணாகவே வைத்திருக்கிறார்கள். ஆகவே இதை விதியாக எடுத்துக்கொள்ளாதே. உன் காது ஒப்பினால் பின்பற்று.

பள்ளியறைப் பாட்டுக்கு நீ எழுதியிருக்கும் நீலாம்பரியே இருக்கட்டும். இராப்பண்ணான மேகராகக்குறிஞ்சியை ஓதுவார்கள் நீலாம்பரியில்தான் பாடுகிறார்கள். இங்கே ரிஷபம் சதுச்ருதிக்கு ஏறிவிடுகிறது. சுத்த ரிஷபத்தின் உரசல் இல்லை. ஆனால் வேகம் கூடினால் காந்தார, மத்யம அசைவுகள் கரைந்துபோய், தாய் இராகமான சங்கராபரணத்தின் சாயல் தட்டிவிடும். அந்த அசைவுகள் முழுதாகக் கேட்கும் அளவுக்குக் காலப்பிரமாணத்தை இறக்கு. பிருகாக்கள் வேண்டாம், மிருதங்கமும் அடக்கி வாசிக்கட்டும்.

மங்களத்தை மூன்று வேளையிலும் மத்யமாவதியிலேயே பாடலாம். அந்த இராகத்தில் பாடப்படும் செந்துருத்தி, பகல் இரவு இரண்டுக்கும் பொதுவான பண்.

அன்புடன்,
அக்கா