பச்சை நிறம் பூசிய கேள்விகள்: ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். முதியோர் நலம் பற்றிய உங்கள் பன்னாட்டு ஆய்வின் ஆங்கில வினாப்பட்டியல் இத்தாலியனுக்குப் போய், வேறொருவர் கையால் மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. மூல ஆங்கிலத்தையும் திரும்பி வந்த ஆங்கிலத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒத்துப்போன கேள்விகளுக்குப் பச்சையும் போகாதவற்றுக்குச் சிவப்பும் பூசி அனுப்பியிருக்கிறீர்கள். சிவப்பைத் திருத்திவிட்டால் களத்தில் இறங்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தாலிய வடிவத்தைப் பார்வையிடுபவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குச் சிவப்பைவிடப் பச்சையில்தான் கவலை. இதே முறையை வேறு பல குழுக்களும் கைக்கொள்வதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே ஒரு பச்சைக் கேள்வி இருக்கிறது. பதில் சொல்பவர் எதுவரை படித்திருக்கிறார் என்று ஆங்கிலம் கேட்கிறது. இத்தாலிய வடிவம் 'எதுகாட்ஸியோனே' எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கிறது. ஆங்கிலச் சொல்லும் அதுவும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஆனால் அன்றாட இத்தாலியனில் அந்தச் சொல் முதலில் நினைவூட்டுவது வளர்ப்பையும் பண்பையும்தான். பள்ளிப் படிப்புக்கு 'இஸ்த்ரூட்ஸியோனே' என்பார்கள். படிவங்களில் 'தீத்தொலோ தி ஸ்தூதியோ', அதாவது பெற்ற சான்றிதழ் எது என்று கேட்பார்கள். எழுபது வயதுப் பெரியவரிடம் நீங்கள் கேட்டிருப்பது ஏறக்குறைய "உங்களுக்கு நடத்தை எவ்வளவு தெரியும்?" என்பது. திருப்பி மொழிபெயர்த்தவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆய்வுகளில் இந்தக் கேள்வி வழக்கமாக எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ஆகவே தயங்காமல் கல்வி என்றே எழுதிவிட்டார். தவறு உங்கள் கண்ணில் படாமல் போனதற்கு அவருடைய திறமையே காரணம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இப்படித் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் மீள்மொழிபெயர்ப்பை ஆய்வு முறையாக நிலைநிறுத்திய ரிச்சர்ட் பிரிஸ்லின், 1970-இல் எழுதிய கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார். திருப்பி மொழிபெயர்ப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் மோசமான வடிவத்திலிருந்தும் நல்ல மூலத்தை ஊகித்துவிடுவார். மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் ஒரே பழக்கத்தில் சில சொற்களைச் சோடி சேர்த்து வைத்திருந்தால், அந்தச் சோடி தவறாக இருந்தாலும் இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகும். மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே சுமந்துவந்த இத்தாலியனை ஆங்கிலமாக்குவதோ இன்னும் சுலபம். அந்த முறையை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் அந்த எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது பச்சைக் கேள்வி இன்னும் சிக்கலானது, ஏனென்றால் இதில் மொழிபெயர்ப்பைத் தவறு என்றே சொல்ல முடியாது. பேரப்பிள்ளைகளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பது கேள்வி. இத்தாலியனில் 'நிபோத்தி'. அந்தச் சொல் பேரன் பேத்திகளையும் குறிக்கும், உடன்பிறந்தார் பிள்ளைகளையும் குறிக்கும். உறவுக்கு உறவு தனிச்சொல் வைத்திருக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இத்தாலியர்கள் பேச்சில் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். திருப்பி மொழிபெயர்த்தவரும் முதியோர் ஆய்வு என்ற சூழலை வைத்துப் பேரப்பிள்ளைகள் என்று எழுதினார். பதில் சொல்பவரின் சூழல் வேறாக இருக்கலாம். பிள்ளைகள் இல்லாத ஒரு பெண்மணி, தினமும் பள்ளியிலிருந்து அழைத்துவரும் தம்பி மகளை நினைத்துப் பத்து மணி நேரம் என்று எழுதுவார். பிள்ளைகள் உண்டா என்று முன்பே கேட்டு, இல்லாதவர்களை இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகச் செய்திருந்தால் சேதம் குறையும். உங்கள் பட்டியல் எல்லோரிடமும் கேட்கிறது. ஜெர்மன் மொழியில் இந்த இரண்டு உறவுகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆகவே ஜெர்மனி, இத்தாலி என்ற இரு நாட்டு எண்களையும் ஒப்பிட்டு, இத்தாலியத் தாத்தா பாட்டிகள் அதிகம் உழைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதும்போது, அதில் ஒரு பகுதி அத்தைகளின் உழைப்பாக இருக்கும். தரவு வந்த பிறகு இதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

இனி சிவப்பு. மிதமான உடலுழைப்புக்கு எடுத்துக்காட்டாக ஆங்கிலத்தில் கோல்ஃப் என்றிருக்க, திரும்பி வந்த ஆங்கிலத்தில் சைக்கிளில் ஒரு சுற்று என்றிருக்கிறது. கடும் பிழை என்று குறித்திருக்கிறீர்கள். எஸ்எஃப்-36 என்ற பரவலான உடல்நல வினாப்பட்டியலின் இத்தாலிய வடிவத்தைப் பாருங்கள். மூலத்தில் மேசையை நகர்த்துவது, தூசி உறிஞ்சும் கருவியைத் தள்ளுவது, பந்தை உருட்டி ஆடும் பௌலிங், கோல்ஃப் என்று வரும் வரிசை, அங்கே மேசை, தூசிக் கருவி, போச்சே பந்தாட்டம், சிறு சைக்கிள் சுற்று என்று மாறியிருக்கிறது. மூலத்தில் எத்தனை குறுக்குத் தெருக்களைக் கடக்கிறோம் என்ற கணக்கில் இருந்த நடைதூரமும் மீட்டராகியிருக்கிறது. அங்கும் மீள்மொழிபெயர்ப்பு நடந்தது. ஆனால் வேறுபாட்டைக் கண்டதும் பிழை என்று தீர்க்காமல், ஏன் வேறுபட்டது என்று உட்கார்ந்து பேசினார்கள். கோல்ஃப் அங்கே விளையாட்டாக வரவில்லை, உழைப்பின் அளவாக வருகிறது. கோல்ஃப் மட்டையையே தொட்டிராத ஓய்வுபெற்ற தொழிலாளியால் அதை வைத்துத் தன் மூச்சிரைப்பை அளக்க முடியாது.

மீள்மொழிபெயர்ப்பே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. இத்தாலியன் தெரியாத ஆய்வுத் தலைவருக்கு அது ஒரு சன்னல். 'இல்லை' விடுபட்டிருந்தால், 'கடந்த நான்கு வாரங்களில்' என்ற வரம்பு காணாமல் போயிருந்தால், விடை வரிசையில் இரண்டு படிகள் இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். உங்கள் அட்டவணையிலும் பதினான்காம் கேள்வியில் கால வரம்பு விடுபட்டது அப்படித்தான் அகப்பட்டது. கேள்வி இயல்பாக இருக்கிறதா, பதில் சொல்பவர் நாம் நினைத்ததையே நினைக்கிறாரா என்பதை மட்டும் அந்தச் சன்னல் காட்டாது. பல நாடுகளில் நடக்கும் ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு மீள்மொழிபெயர்ப்பை நம்பாமல் இருப்பது இதனால்தான். அங்கே இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தனியே மொழிபெயர்க்கிறார்கள். பிறகு மீள்பார்வையாளரோடு அமர்ந்து வரிவரியாக விவாதிக்கிறார்கள், முடிவுகளையும் காரணங்களையும் பதிவு செய்கிறார்கள், களத்தில் முன்சோதனை செய்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. திருப்பி மொழிபெயர்ப்பவரிடம் மூலத்தைக் காட்டாதீர்கள். ஆய்வு எதைப் பற்றியது என்றும் சொல்லாதீர்கள். அழகான ஆங்கிலம் வேண்டாம், ஒரு சொல் இரண்டு பொருள் தந்தால் இரண்டையும் எழுதுங்கள் என்று கேளுங்கள். அட்டவணையின் நிறப் பத்தியை எடுத்துவிட்டு அங்கே காரணப் பத்தி வையுங்கள். பிறகு, உங்கள் ஆய்வுக்கு உரிய வயதுடைய எட்டுப் பத்து இத்தாலியர்களிடம் கேள்விகளைப் படித்துக் காட்டி, பதில் வந்ததும் "நிபோத்தி என்றபோது யாரை நினைத்தீர்கள்?" என்று விசாரியுங்கள். ஒரு வாரத்து வேலை அது. இரண்டாவது மீள்மொழிபெயர்ப்புக்கு நீங்கள் ஒதுக்கிய தொகையிலேயே முடியும்.

இதற்கிடையே என் திருத்தங்கள் இவை. படிப்புக் கேள்வி 'தீத்தொலோ தி ஸ்தூதியோ' என்று மாறட்டும்; இத்தாலியப் பள்ளி நிலைகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன். 'நிபோத்தி' வரும் முதல் இடத்தில் 'உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள்' என்ற விளக்கம் சேரட்டும். சைக்கிள் அப்படியே இருக்கட்டும். இவற்றில் எதையாவது மறுப்பதானால், இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு அல்ல, இத்தாலிய வரியைச் சுட்டி மறுத்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
இத்தாலிய வடிவத்தின் மீள்பார்வையாளர்