வாராக்கடன் யாருக்கும் வலிக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் செயலி வழியாக ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ளும் முறை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு வாக்கியம்: "வாராக்கடன் இரண்டே சதவீதம்தான். அதுவும் பலரிடம் சிறிது சிறிதாகப் பிரிந்துவிடுவதால் யாருக்கும் வலிப்பதில்லை." இதைப் படித்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை. எனக்கு வலித்தது. கடன் வாங்கியவருக்கும் வலித்தது. அதை யாராவது எழுதத்தானே வேண்டும்.

நான் டர்பனில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவள். இங்கே சாட்ஸ்வொர்த்தில் மளிகைக்கடை, தையற்கடை வைத்திருப்பவர்கள் வங்கிக்குப் போனால் தணிக்கை செய்த கணக்கு கேட்பார்கள், அடமானம் கேட்பார்கள். இரண்டும் இல்லாதவர்கள் ஒன்று சீட்டுப் பணத்தை நம்ப வேண்டும், இல்லையென்றால் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கடன் தளங்கள் ஒரு வழி திறந்தன என்பதை நான் மறுக்கவில்லை. நானே பணம் போட்டேன். 2021 மார்ச்சில் 20,000 ராண்டை 40 கடன்களாகப் பிரித்து, ஆளுக்கு 500 ராண்டு. 18 சதவீத வட்டி, 12 மாதத் தவணை.

18 சதவீதம் என்றதும் 500க்கு 90 ராண்டு வட்டி என்று உங்கள் கட்டுரையாளர் கணக்குப் போட்டிருக்கிறார். அப்படி வராது. ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதி திரும்பிவிடுவதால், மீதி அசலுக்குத்தான் வட்டி. மாதத் தவணை 45 ராண்டு 84 சென்ட். பன்னிரண்டையும் கட்டினால் 550 ராண்டு, அதாவது வட்டி 50 ராண்டுதான். ஒருவர் மூன்று தவணை கட்டிவிட்டு நின்றுவிட்டால், எனக்கு வரவேண்டிய 412 ராண்டு போகிறது. ஒழுங்காகக் கட்டும் எட்டுப் பேருடைய வட்டியை அந்த ஒருவருடைய நிறுத்தம் தின்றுவிடுகிறது. தளம் என்னிடம் பிடிக்கும் ஒரு சதவீதக் கட்டணத்தையும் கழித்தால், நாற்பதில் நான்கு பேர் நின்றாலே லாபம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஐந்தாவது ஆள் நின்றால் அசலில் கை வைக்க வேண்டியதுதான்.

அந்த ஜூலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. என் நாற்பதில் ஏழு பேரின் தவணை ஒரே மாதத்தில் நின்றது. ஏழு பேரும் இந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள். எத்தனை துண்டாகப் பிரித்தாலும், எல்லாத் துண்டும் ஒரே ஊரில், ஒரே தொழிலில் இருந்தால் அது பிரித்ததாகாது. கலவரம் ஒரு கடையோடு நிற்குமா? அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்தபோதும் இந்த வட்டாரத்துக் கடைகளுக்கு இதே கதைதான். என் 20,000 ராண்டில் திரும்பியது ஏறக்குறைய 18,900.

ஏழு பேரில் ஒருவர் நான் கணக்கு எழுதிக்கொடுத்த மளிகைக்கடைக்காரர். காப்பீடு எடுக்க வசதியில்லாதவர். சூறையாடியவர்கள் அரிசி மூட்டையிலிருந்து கல்லாப்பெட்டி வரை எதையும் விடவில்லை. கடன் அவர் சொந்தப் பெயரில் இருந்ததால் கடன் பதிவேட்டிலும் அவர் பெயர் கெட்டது. இப்போது வங்கி அவரை இன்னும் தூரத்தில் நிறுத்துகிறது. இந்த மனிதரை உங்கள் கட்டுரை "நேர்மையில்லாத சிலர்" என்ற கணக்கில் சேர்த்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தயவுசெய்து யோசியுங்கள்.

சரி, மீதியை வசூலிக்கலாமே என்று கேட்பீர்கள். 2016இலிருந்து தென்னாப்பிரிக்காவில் வட்டிக்குக் கடன் கொடுப்பவர் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்ற வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆகவே என் ஒப்பந்தப்படி சட்டத்தின் கண்ணில் கடன் கொடுத்தவர் தளம்தான், நான் அல்ல. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்டு வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் அங்கே ஒரு நிறுவனம் வாதியாக வர முடியாது. வரக்கூடிய எனக்கோ கடன் கொடுத்தவர் என்ற உரிமை இல்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல் செலவு கடனைவிட அதிகம். ஆகவே தளம் நோட்டீஸ் அனுப்பியது, காத்திருந்தது, கடைசியில் அந்தக் கடன்களை வசூல் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது. ஒரு கடனுக்கு என் பங்காக வந்தது இருபது ராண்டு சொச்சம். தளத்துக்கு என்ன நஷ்டம்? கடன் எழுதிய அன்றே கடைக்காரரிடமிருந்து தொடக்கக் கட்டணத்தைப் பிடித்துவிட்டார்கள். வங்கி கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் முதல் அடி வங்கியின் சொந்த மூலதனத்துக்கு. வங்கியே மூழ்கினாலும் 2024 ஏப்ரலிலிருந்து வைப்புத்தொகைக் காப்பீடு ஆளுக்கு ஒரு லட்சம் ராண்டு வரை தருகிறது. தளத்தில் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. முதல் அடியும் கடைசி அடியும் நமக்கு.

கடன் நின்றுபோனால் ஈடுகட்டத் தளம் ஒதுக்கி வைக்கும் "காப்பு நிதி இருக்கிறதே" என்றும் உங்கள் கட்டுரை தைரியம் சொல்கிறது. பிரிட்டனில் ரேட்செட்டர் என்ற கடன் தளம் அப்படி ஒரு நிதியை வைத்துப் பெயர் வாங்கியது. 2020 மே மாதம் கொரோனா வந்ததும் பணம் போட்டவர்களின் வட்டியைப் பாதியாகக் குறைத்துத்தான் அந்த நிதியை நிரப்பினார்கள். காப்பு நிதியில் இருந்ததும் நம் பணம்தான்.

அந்த இரண்டு சதவீதத்துக்கும் வருகிறேன். வேகமாக வளரும் தளத்தில் பாதிக் கடன் போன மாதம் கொடுத்ததாக இருக்கும். அவற்றுக்கு நின்றுபோக இன்னும் நேரமே வரவில்லை. அதையும் சேர்த்து வகுத்தால் சதவீதம் அழகாகத்தான் வரும். ஒரே ஆண்டில் கொடுத்த கடன்களை மட்டும் தனியே எடுத்து, அதில் எத்தனை இதுவரை நின்றன என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன், பதில் வரவில்லை. பத்திரிகை கேட்டால் வரும்.

மனத்தாங்கல் இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப் பக்கத்திலேயே ஒரு கடன் தளத்தின் முழுப்பக்க விளம்பரம். இது முதல் முறை அல்ல. முன்பு நிலத்திட்டம் ஒன்றைப் புகழ்ந்து எழுதியபோதும் இப்படித்தான். அப்போது நான் எழுதிய கடிதத்தின் பாதியை வெட்டி, நன்றி சொன்ன பகுதியை மட்டும் போட்டீர்கள். வெள்ளத்தில் கடை இழந்தவர்கள் பற்றி எழுதுங்கள் என்று கேட்டபோது இடமில்லை என்றீர்கள். இந்த ஊரில் தமிழ் படிக்கிற கொஞ்சம் பேரில் பெரும்பாலோர் ஓய்வூதியக்காரர்கள். நீங்கள் அச்சிடுவதை நம்பிச் சேமிப்பை எடுத்துப் போடுபவர்கள் அவர்கள்தான்.

நான் கேட்பது சிறியதுதான். இனி இப்படிக் கட்டுரையோ விளம்பரமோ வந்தால் அதன் அடியில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: "இது வங்கி வைப்பு அல்ல, கடன் திரும்பாவிட்டால் இழப்பு பணம் போட்டவருடையது, வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது." இந்தக் கடிதத்தை இந்த முறை வெட்டாமல் போடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சரஸ்வதி,
சாட்ஸ்வொர்த், டர்பன்