தேன்பெட்டிக் குழுவின் அட்மின் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் நம் கடையில் பெட்டி வாங்கி, கடையின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்த மடல். இந்த மாதக் கடைசியோடு நான் கடையை விட்டுப் போகிறேன். அன்றே குழுவின் அட்மின் பொறுப்பையும் விடுகிறேன். விஷயம் தெரிந்ததும் நிறையப் பேர் கேட்டது ஒன்றுதான்: "கடையை விட்டுப் போனா போங்க அண்ணாச்சி, அட்மினா இருந்தா என்னவாம்?"

இருக்கக் கூடாது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் சொந்தமாகப் பெட்டி வைக்கப் போகிறேன். தேன் விற்பேன், தேனீக் கூட்டம் பிரித்தும் விற்பேன். குழு தொடங்கியபோதே நாம் வைத்த விதி, கூட்டம் விற்கிறவர் அட்மின் ஆகக் கூடாது என்பது. கடை விற்பது பெட்டி, சட்டம், புகைப்பான், தேன் எடுக்கும் இயந்திரம். தேனீயை நாம் விற்பதில்லை. (பெட்டி விற்கிறவன் மட்டும் ரொம்ப நடுநிலையா என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான். ஆனால் உங்கள் தேனீ செத்தால் காலிப் பெட்டிதான் மிஞ்சும், எங்களுக்கும் வியாபாரம் இல்லை.)

இந்த விதி எதற்கு என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

திற்பரப்புப் பக்கம் ஓர் அக்கா, புழு அடையைப் படம் எடுத்துப் போட்டு "புழு சாவுது, என்ன செய்யணும்?" என்று கேட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றின் பெயரையும், சர்க்கரைப்பாகில் எவ்வளவு கலக்க வேண்டும் என்ற அளவையும் போட்டார். வேறு சிலர் அதைத் தங்கள் ஊர்க் குழுக்களுக்கு அனுப்பவும் தொடங்கிவிட்டார்கள். அந்தச் செய்தியை நான் எல்லோருக்குமாக நீக்கினேன். நீக்கிய கையோடு காரணத்தையும் எழுதினேன், போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினேன். காரணம் சொல்லாமல் நீக்கினால் அதே செய்தி மறுநாள் வேறொருவர் கையால் திரும்பி வரும்.

அப்புறம் அக்காவிடம் கேட்டவை இவை. செத்த புழு மூடிய அறையில் இருக்கிறதா, மூடாத அறையிலா? அறைக்குள் நீட்டிப் படுத்துத் தலையை மேலே தூக்கியிருக்கிறதா, சுருண்டு கிடக்கிறதா? ஊசியால் மெல்லத் தூக்கினால் என்ன ஆகிறது? புளித்த வாடை வருகிறதா?

மூடாத அறையில் சிறு புழு சுருண்டு, மஞ்சளித்து, புளித்த வாடை வந்தால் பாக்டீரியா நோயாக இருக்கலாம். தேனீ குறைவான கூட்டத்தில், மழைக் குளிரில் அடையின் ஓரத்துப் புழுக்கள் மட்டும் செத்திருந்தால் நோயே இல்லாமலும் இருக்கலாம். தேனீக்களால் அவ்வளவு தூரம் போர்த்திக் காக்க முடியவில்லை, அவ்வளவுதான். அக்கா சொன்னது வேறு. மூடி கிழிக்கப்பட்ட அறைகளில், வளர்ந்த புழு நீண்டு, தலை மேலே தூக்கி நிற்கிறது. ஊசியில் எடுத்தால் முழுசாக, தண்ணீர் நிரம்பிய பைபோல வருகிறது. வாடை இல்லை. இது தாய் சாக்புரூட். 1976-இல் தாய்லாந்தில் கண்ட வைரஸ் நோய். 1990-களின் தொடக்கத்தில் கேரளத்திலும் நம் பக்கமும் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது இதுதான் என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தேனில் அதன் எச்சம் தங்கி, சோதனையில் மாட்டும், அவ்வளவே பலன். நேரடி மருந்து கிடையாது. அதனால் அக்காவிடம் சொன்னது: அந்தப் பெட்டியை இடம் மாற்ற வேண்டாம், அதன் அடையை வேறு பெட்டிக்குக் கொடுக்க வேண்டாம், அதைத் தொட்ட கையோடு அடுத்ததைத் திறக்க வேண்டாம். ராணியைக் கூண்டில் அடைத்து, முட்டையிடுவதை ஏறக்குறைய மூன்று வாரம் நிறுத்தினால், நோய் தொற்றப் புதுப் புழு இருக்காது. இருக்கும் தேனீக்கள் செத்ததை வெளியே இழுத்துப் போட்டுச் சுத்தம் செய்துவிடும். எல்லாக் கூட்டமும் இதில் பிழைப்பதில்லை. அக்காவின் பெட்டிகளில் ஒன்று போய்விட்டது, மற்றவை நின்றன.

இனிதான் விதி வருகிறது. அதே வாரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் குழுவில் கூட்டம் விற்க விலை போட்டார். ஜனவரியில் ரப்பர் துளிர்க்கும்போது கூட்டம் பலமாக இருக்க வேண்டும் என்று, மழை முடிவதற்குள் எல்லோரும் வாங்கப் பார்க்கிற நேரம் அது. புழு அடையின் படம் போட்டால்தான் விற்பனைச் செய்தி நிற்கும் என்றேன். "வெறும் குளிர்தான், நோயெல்லாம் இல்லை" என்று அவர் கடைசிவரை சாதித்தார், படம் மட்டும் வரவில்லை. செய்தியை எடுத்துவிட்டேன். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. விற்கிற கையில் பெட்டி இருக்கும்போது, செத்த புழுவைக் குளிர் என்று நம்பத்தான் யாருக்கும் தோன்றும். நாளை எனக்கும் தோன்றும். அந்த நேரத்தில் நீக்கு பொத்தான் என் கையில் இருக்கக் கூடாது.

சரி, பொறுப்பு எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடையின் எண்ணையும், கூட்டம் விற்காத இரண்டு மூத்த வாடிக்கையாளர்களையும் ஏற்கெனவே அட்மின் ஆக்கியாயிற்று. அவர்களைப் போன வாரமே குழுவில் பார்த்திருப்பீர்கள். எப்போதும் ஒருவருக்கு மேல் அட்மின் இருக்க வேண்டும். ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாகவே உறுப்பினர் ஒருவரை அட்மின் ஆக்கிவிடும். அது யார் என்பது நம் கையில் இல்லை, மாத்திரைக்காரராகவும் இருக்கலாம்.

ரசீதிலும் கல்லாப் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் குழு இணைப்பை மாற்றவில்லை. மாற்றினால் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்து வைத்திருக்கும் பழைய இணைப்பு செல்லாமல் போகும்.

எனக்குக் கவலை பழைய செய்திகளைப் பற்றித்தான். புதிதாகச் சேருபவருக்கு, தான் சேருவதற்கு முன் நடந்த பேச்சு தானாகத் தெரிவதில்லை. மேலே பின் செய்து வைத்தாலும் அதிகபட்சம் 30 நாளில் கழன்றுவிடும். அதனால் அக்காவிடம் கேட்ட அந்தக் கேள்விகளைக் குழுவின் விவரக்குறிப்பில் எழுதிவிட்டேன், அது கழலாது. நல்ல படங்களை அச்செடுத்து, எந்தப் புழு எந்த நோய் என்று கீழே எழுதி, கல்லாவில் ஒரு நோட்டாக வைத்திருக்கிறோம். கடைக்கு வரும்போது கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். உங்களிடம் தெளிவான படம் இருந்தால் கொடுங்கள், பெயர் போடாமல் சேர்த்துக்கொள்வார்கள்.

குழுவில் சாதாரண உறுப்பினராகக்கூட நான் சில மாதம் இருக்கப் போவதில்லை. இருந்தால் எல்லோரும் என் பெயரைத்தான் கூப்பிடுவீர்கள், புது அட்மின்கள் சொல்வது எடுபடாது. அடுத்த ரப்பர் சீசன் முடிந்து திரும்பச் சேருவேன். அப்போது விற்பனைச் செய்தி போட்டால், என்னிடமும் புழு அடைப் படம் கேளுங்கள்.

கடைக் கணக்கு, முன்பணம் கொடுத்த பெட்டி, பழுதுக்குக் கொடுத்த இயந்திரம் எல்லாம் வழக்கம்போல் கடையின் எண்ணில்தான். அதில் எந்த மாற்றமும் இல்லை.

அன்புடன்,
கடைக்காக, உங்கள் பழைய அட்மின்
மார்த்தாண்டம்