கொடைக்கானல் வாடிக்கையாளர்களுக்கு, பாய்லர் பிரஷர் விஷயமாக ஒரு மடல்

வணக்கம். மதுரையிலிருந்து மலையேறி வந்து உங்கள் வீட்டு ஹீட்டிங் பைப்புகளைப் பார்த்த எங்கள் மெக்கானிக் அண்ணன் சொந்தத் தொழில் தொடங்கிப் போய்விட்டார். ஒரு பையனைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அதுவரை பிரஷர் குறைந்தாலே கூப்பிடாமல் நீங்களே தண்ணீர் நிரப்பிக்கொள்ள முடிந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

அதற்கு முன் வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "பாய்லர் வெடித்துவிட்டது, வெளியே எல்லாம் தண்ணீர்" என்று போட்டிருந்தார்கள். வெடிக்கவில்லை. அந்த வீட்டில் கேஜ் முள் 0.5 பாரில் நின்றிருக்கிறது, நிரப்பும் ஹோஸின் இரண்டு வால்வையும் திறந்திருக்கிறார்கள், முள் அசையவே இல்லை. அசையாதுதான்! மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் பாய்லரைவிட 5 மீட்டர்தான் உயரம். 10 மீட்டருக்குத்தான் ஏறக்குறைய 1 பார் கிடைக்கும் என்பதால், தொட்டித் தண்ணீர் 0.5க்கு மேல் ஏற்றாது. கேஜ் கெட்டுவிட்டது என்று வால்வை மூடாமல் தூங்கப் போய்விட்டார்கள். காலையில் ஷவருக்குப் பிரஷர் பம்ப் ஓடியதும் முள் 2 பாருக்குப் போயிருக்கிறது, பிறகு ஹீட்டிங் போட்டதும் தண்ணீர் சூடாகி விரிந்து 3 பாரைத் தொட, பாதுகாப்பு வால்வு திறந்து வெளிப்பைப்பில் கொட்டியிருக்கிறது. அந்த வால்வு இருப்பதே அதற்காகத்தான். நாங்கள் பொருத்திய பைப்பில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, நேரில் போய்ப் பார்த்துவிட்டோம்.

சரி, நிரப்பும் விதம் இதுதான். பாய்லரை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள், சூட்டில் முள் பொய் சொல்லும். ஹோஸின் இரு முனையும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பம்பை ஓடவிட்டு, ஒரு வால்வை முழுதாகவும் மற்றதை மெதுவாகவும் திறங்கள். கண் முள்ளிலேயே இருக்கட்டும். 1.2 வந்ததும் இரண்டையும் மூடிவிடுங்கள், பிறகு ஹோஸைக் கழற்றி வையுங்கள். கழற்றினால் வால்வை மூட மறந்துவிட வாய்ப்பே இல்லை. கைதவறி 2 தாண்டினால், ரேடியேட்டரின் காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் விட்டால் இறங்கிவிடும்.

சில வாரத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் போய் ரேடியேட்டரை உள்ளேயிருந்து துருவாக்கும். சூடானால் முள் 3 வரை ஏறி, ஆறினால் பூஜ்யத்துக்கு இறங்கினால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம்கொடுக்கும் விரிவுத் தொட்டியில் காற்று இறங்கிப் போயிருக்கும். அது எங்கள் வேலை, பாய்லர் மூடியைத் திறக்காதீர்கள்.

பனிக்காலத்தில் நாங்கள் தாமதமாக வந்தபோதும் டீ போட்டுக் கொடுத்து, அடுத்த வீட்டுக்கும் எங்களைச் சொல்லி அனுப்பினவர்கள் நீங்கள். மறக்கவில்லை, மிக்க நன்றி. டீசல் செலவுக்காக 1ஆம் தேதியிலிருந்து வருகைக் கட்டணம் சற்றுக் கூடுகிறது, பில்லில் இருக்கும்.